XMP, EXPO போட்ட பின் ரேமைச் சோதிப்பது எப்படி

டிடிஆர்5 ரேம் வாங்கும் பெட்டியின் மேல் 6000 என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அதைப் பொருத்திக் கணினியை இயக்கினால் பெரும்பாலும் 4800 என்ற வேகத்தில்தான் ஓடும். நினைவகச் சில்லுகளுக்கான பொது விதிகளை வகுக்கும் ஜெடெக் அமைப்பு டிடிஆர்5-க்கு வைத்த தொடக்க வேகம் அது. வினாடிக்கு 480 கோடி பரிமாற்றங்கள் என்பது அதன் பொருள். பெட்டியில் உள்ள 6000, அதாவது 600 கோடி, வேண்டுமென்றால் பயாஸுக்குள் போய் ஒரு வேகப் புரொஃபைலை இயக்க வேண்டும். இன்டெல் 2007-ல் அறிமுகப்படுத்திய XMP, ஏஎம்டி 2022-ல் கொண்டுவந்த EXPO ஆகிய இரண்டும் இத்தகைய புரொஃபைல்களே. ரேம் ஸ்டிக்கிலேயே இருக்கும் ஒரு சிறு சில்லில் வேகம், காத்திருப்பு நேரங்கள், வோல்டேஜ் எல்லாம் எழுதப்பட்டிருக்கும். பயாஸ் அவற்றைப் படித்து ஒரே தட்டலில் அமைத்துவிடும்.

ஒரே தட்டலில் முடிந்துவிடுவதால் இது ஓவர்கிளாக் என்பது பலருக்கும் தெரிவதில்லை. ரைசன் 7000 வரிசை புராசசர்களுக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாக அறிவித்த வேகம் இரண்டு ஸ்டிக் போட்டால் 5200. நான்கு ஸ்டிக் போட்டால் வெறும் 3600. அதற்கு மேல் போவதெல்லாம் உத்தரவாத எல்லைக்கு வெளியே. 6000 புரொஃபைல் ரேமின் வோல்டேஜை 1.1-லிருந்து 1.35-க்கு உயர்த்தும். ரேம் தயாரிப்பாளர் தன் ஸ்டிக் அந்த வேகத்தைத் தாங்குமா என்று பார்த்திருப்பார். ஆனால் ரேமோடு பேசும் மெமரி கண்ட்ரோலர் புராசசருக்குள் இருக்கிறது. ஒரே மாடல் புராசசரிலும் ஒன்றின் கண்ட்ரோலர் போல இன்னொன்றினுடையது இருப்பதில்லை. இரண்டுக்கும் இடையே சமிக்ஞையைக் கொண்டுசெல்லும் மதர்போர்டின் தடங்களும் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். குறிப்பிட்ட இந்த ரேமும் இந்தப் புராசசரும் இந்த போர்டும் சேர்ந்து 6000-ஐத் தாங்குமா என்பதை யாரும் முன்கூட்டிச் சோதித்திருக்க முடியாது. அதை வாங்கியவர்தான் சோதித்தாக வேண்டும்.

கணினி கிளம்பி விண்டோஸ் திரை வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைப்பது இயல்பு. உண்மையில் விண்டோஸ் கிளம்புவது மிக லேசான வேலை. விளிம்பில் நிற்கும் ரேம் எப்போதாவது ஒரு பிட்டை மட்டும் தவறாகத் தரும். மற்ற நேரமெல்லாம் ஒழுங்காகவே நடந்துகொள்ளும். அந்த ஒரு பிட் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். திரையில் ஒரு புள்ளியின் நிறத்தில் விழுந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கேம் அடுத்துப் போக வேண்டிய முகவரியில் விழுந்தால் கேம் மூடிக்கொள்ளும். விண்டோஸின் உள்பகுதியில் விழுந்தால் நீலத் திரை வரும். இவற்றைவிட மோசமானது, வட்டில் எழுதக் காத்திருக்கும் கோப்பில் விழுவது. அப்போது எந்த எச்சரிக்கையும் வராது. சேமித்த ஆட்டமோ புகைப்படமோ கெட்ட பிட்டோடு வட்டுக்குப் போய்ச் சேரும். பின்னால் ரேமைச் சரிசெய்தாலும் அந்தக் கோப்பு திரும்பாது.

இந்தக் கடைசி ஆபத்துதான் சோதனைகளின் வரிசையைத் தீர்மானிக்கிறது. முதல் சோதனை விண்டோஸுக்கு வெளியே, வட்டில் எதுவும் எழுதாத நிலையில் நடக்க வேண்டும். புரொஃபைலைத் தொடுவதற்கு முன்பே முக்கியக் கோப்புகளையும் சேமித்த ஆட்டங்களையும் வேறு இடத்தில் பிரதி எடுத்து வைப்பது நல்லது.

அதற்கும் முன் சில அடிப்படைகளைச் சரிபார்க்க வேண்டும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ஸ்டிக் போடுவதென்றால் பெரும்பாலும் புராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதுமான ஸ்லாட்டில் போட வேண்டும். போர்டின் கையேடு இதைச் சொல்லும். பயாஸ் புதிய பதிப்பாக இருக்க வேண்டும். புராசசரில் வேறு ஓவர்கிளாக்கோ வோல்டேஜ் குறைப்போ செய்திருந்தால் அதை முதலில் நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிழை வரும்போது குற்றம் ரேமுடையதா புராசசருடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

விண்டோஸுக்கு வெளியே சோதிக்க MemTest86+ என்ற இலவசக் கருவி உண்டு. பாஸ்மார்க் நிறுவனத்தின் MemTest86 வேறு ஒன்று. அதன் இலவசப் பதிப்பு நான்கு சுற்றோடு நின்றுவிடும். இரண்டையும் பென் டிரைவில் எழுதி அதிலிருந்து கணினியைக் கிளப்ப வேண்டும். பென் டிரைவிலிருந்து கிளம்ப மறுத்தால் பயாஸில் Secure Boot தடுத்திருக்கலாம். தற்காலிகமாக அதை அணைக்கலாம். ஆனால் வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அடுத்த முறை விண்டோஸ் மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும் என்பதால் அதை முன்பே குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். சோதனை முடிந்ததும் Secure Boot-ஐ மறக்காமல் திரும்ப இயக்க வேண்டும். ஏமாற்று விளையாட்டைத் தடுக்கும் மென்பொருள் கொண்ட சில கேம்கள் அது இல்லாமல் திறக்காது.

இந்தக் கருவி செய்யும் வேலை எளிது. ரேமின் ஒவ்வோர் இடத்திலும் தெரிந்த ஒரு மதிப்பை எழுதும், பிறகு அதைத் திரும்பப் படித்து ஒப்பிடும். எல்லாம் ஒன்று, எல்லாம் சுழியம், ஒன்றுவிட்டு ஒன்று, தாறுமாறான எண்கள் என்று வடிவங்களை மாற்றி மாற்றிப் பார்க்கும். வேறுபாடு கண்டால் முகவரியோடு சேர்த்துக் காட்டும். எழுதியது FFFFFFFF, படித்தது FFFFFFFB என்று காட்டினால், கடைசி இலக்கமான F இரும எண்ணில் 1111, B என்பது 1011. நான்கில் ஒரே ஒரு பிட் ஒன்றிலிருந்து சுழியமாகியிருக்கிறது. இவ்வளவு சிறிய வேறுபாடுதானே என்று விட்டுவிடக் கூடாது. ரேம் சோதனையில் ஏற்கத்தக்க பிழைகளின் எண்ணிக்கை சுழியம். ஒன்று வந்தாலே அந்த அமைப்பு தோற்றது.

முதல் ஓட்டத்தைப் புரொஃபைல் இல்லாமல் இயல்பு வேகத்திலேயே நடத்துவது பலரும் தவிர்க்கும் படி. ஆனால் பின்னால் எழும் ஐயங்களில் பாதியை அது தீர்த்துவிடும். இயல்பு வேகத்திலேயே பிழை வந்தால் ஸ்டிக் பழுது என்றோ ஸ்லாட்டில் சரியாக உட்காரவில்லை என்றோ பொருள். எடுத்துத் திரும்பப் பொருத்தி, ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பழுதானதைக் கண்டுபிடித்து வாரண்டியில் மாற்றிக்கொள்ளலாம். இயல்பு வேகத்தில் சுத்தமாக ஓடி, புரொஃபைலில் மட்டும் பிழை வந்தால் ஸ்டிக்கைக் குற்றம் சொல்லக் காரணமில்லை. அந்தக் கூட்டணி அந்த வேகத்தைத் தாங்கவில்லை என்பது மட்டுமே தெரிகிறது.

இனிப் புரொஃபைலை இயக்கலாம். முதல் தடவை கணினி கிளம்பும்போது திரை சில நிமிடம் இருண்டே கிடக்கலாம். மெமரி கண்ட்ரோலர் ஒவ்வொரு தடத்திலும் சமிக்ஞை எந்தக் கணத்தில் தெளிவாக வந்து சேருகிறது என்று அளந்துகொள்ளும் நேரம் அது. கெட்டுப்போய்விட்டது என்று பயந்து மின்சாரத்தை நிறுத்தக் கூடாது. அது கிளம்பியதும் MemTest86+ சோதனையை ஓர் இரவு முழுக்க ஓடவிட வேண்டும். முதல் சுற்று சுருக்கமானது என்பதால் அது மட்டும் முடிந்ததும் நிறுத்திவிடக் கூடாது.

இரவு முழுக்க ஓடியும் பிழையே இல்லை என்றால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. பென் டிரைவிலிருந்து ஓடும் கருவி உடைந்த செல்களைக் கண்டுபிடிப்பதில் கெட்டி. வேகத்தின் விளிம்பில் தடுமாறும் ரேமைப் பிடிப்பதில் அவ்வளவு கூர்மை இல்லை. காரணம், கேம் ஓடும்போது இருக்கும் நெருக்கடியை அது உருவாக்குவதில்லை. எல்லாக் கோர்களும் ஒரே நேரத்தில் ரேமை இழுக்க, கிராபிக்ஸ் கார்டு பக்கத்தில் கொதிக்க, பெட்டிக்குள் காற்றே சூடாகிக் கிடக்கும் நிலை அங்கே கிடையாது. ஆகவே இரண்டாம் கட்டச் சோதனை விண்டோஸுக்குள் நடக்க வேண்டும்.

ஓவர்கிளாக் செய்பவர்கள் இதற்கு அதிகம் பயன்படுத்துவது TestMem5 என்ற சிறிய இலவசக் கருவி. சுருக்கமாக TM5 என்பார்கள். அதோடு anta777 என்பவர் தயாரித்த Extreme என்ற அமைப்புக் கோப்பைச் சேர்த்து ஓட்டுவது வழக்கம். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்தால் காலியாக உள்ள ரேம் முழுவதையும் எடுத்துக்கொண்டு எல்லாக் கோர்களாலும் தாக்கும். 32 ஜிபி ரேமுக்கு மூன்று சுற்று முடிய சில மணி நேரம் ஆகும். மெமரி கண்ட்ரோலரைத் தனியாக வதைத்துப் பார்க்க y-cruncher கருவியின் VT3 சோதனையை ஒரு மணி நேரம் ஓட்டலாம். அது பெரிய கணக்குகளைப் போட்டு விடையைச் சரிபார்க்கும் முறை. லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு கூகுள் எழுதிய stressapptest இருக்கிறது. 32 ஜிபி கணினியில் 26,000 எம்பி-யை இரண்டு மணி நேரம் சோதிக்கும் கட்டளை இது:

```
stressapptest -W -M 26000 -s 7200
```

விண்டோஸோடு வரும் mdsched கருவியைப் பலர் ஓட்டிவிட்டு நிம்மதி அடைகிறார்கள். முற்றாகப் பழுதான ஸ்டிக்கை அது பிடிக்கலாம். புரொஃபைலின் நிலைத்தன்மைக்கு அதன் தீர்ப்பைச் சான்றாகக் கொள்ள முடியாது.

எத்தனை மணி நேரம் ஓட்டினால் போதும் என்ற கேள்விக்கு எளிய கணக்கு ஒன்று விடை சொல்லும். ஒரு ரேம் சராசரியாகப் பத்து மணி நேரத்துக்கு ஒரு பிழை தருகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரச் சோதனையில் அந்தப் பிழை அகப்பட நூற்றுக்குப் பத்து வாய்ப்புகூட இல்லை. பத்து மணி நேரம் ஓட்டினாலும் வாய்ப்பு 63 சதவீதம்தான். முப்பது மணி நேரம் ஓட்டினால்தான் 95-ஐத் தொடும். அரை மணி நேரச் சோதனையில் தேறிய கணினி வார இறுதியில் ஐந்து மணி நேரம் ஆடும்போது விழுவதில் வியப்பேதும் இல்லை. நல்ல சோதனைக் கருவிகள் கேமைவிடக் கடுமையாக ரேமைத் தாக்குவதால் பிழை விரைவாக வெளிப்படும். அதனால்தான் முப்பது மணி நேரம் காத்திருக்காமல் ஓர் இரவும் சில மணி நேரமுமாக முடித்துக்கொள்ள முடிகிறது.

நேரத்தைப் போலவே முக்கியமானது சூடு. ரேமின் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் மின்னூட்டமாக இருக்கிறது. சிறு ஓட்டையுள்ள குடம் போல அது கசிந்துகொண்டே இருக்கும். கசிந்து தீர்வதற்குள் திரும்ப நிரப்ப வேண்டும். டிடிஆர்5-ல் இயல்பான வெப்பநிலையில் 32 மில்லி வினாடிக்குள் எல்லாச் செல்களும் ஒருமுறை நிரப்பப்படுகின்றன. சூடு ஏற ஏறக் கசிவு கூடும். வெப்பம் 85 டிகிரியைத் தாண்டினால் இரு மடங்கு அடிக்கடி நிரப்ப வேண்டும் என்பது விதி. ஆனால் புரொஃபைலில் காத்திருப்பு நேரங்களை இறுக்கியிருக்கும்போது அந்த எல்லைக்கு வெகு முன்பே, 50, 60 டிகிரியிலேயே சில ரேம்கள் தடுமாறத் தொடங்கிவிடும். கிராபிக்ஸ் கார்டின் சூடான காற்று நேரே ரேம் மீது வீசும் பெட்டிகளில் ஆட்டம் தொடங்கி ஒரு மணி நேரத்தில் இந்த நிலை வந்துவிடும். முதல் அரை மணி நேரம் நன்றாக ஓடிய கேம் அதற்குப் பிறகு விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆக, கடைசிச் சோதனையைச் சூட்டோடு செய்ய வேண்டும். TM5 ஓடும்போதே பக்கத்தில் FurMark போன்ற கிராபிக்ஸ் சோதனையையும் ஓட்ட வேண்டும். பெட்டியின் கதவு மூடியிருக்க வேண்டும், விசிறிகள் ஆடும்போது இருக்கும் அதே அமைப்பில் இருக்க வேண்டும். அறையில் ஏசி இல்லாமல் ஆடுபவர் ஏசி போட்டுச் சோதித்துப் பயனில்லை. சித்திரை வெயிலில் சென்னையில் ஓட வேண்டிய கணினியை மார்கழி இரவில் மட்டும் சோதித்தால் போதாது. HWiNFO என்ற கருவி SPD Hub Temperature என்ற வரியில் ஒவ்வொரு ஸ்டிக்கின் வெப்பத்தையும் தனித்தனியே காட்டும்.

பிழை வந்தால் என்ன செய்வது என்பதை ஒரு மாதிரிக் கணினியை வைத்துப் பார்க்கலாம். ரைசன் 5 7600 புராசசர், பி650 போர்டு, 16 ஜிபி ஸ்டிக் இரண்டு, EXPO-வில் 6000. இயல்பு வேகச் சோதனை சுத்தம்; EXPO போட்டு இரவு முழுக்க ஓடிய MemTest86+ சுத்தம்; TM5 தனியாக மூன்று சுற்றும் சுத்தம். FurMark-ஐயும் சேர்த்து ஓட்டியபோது ஐம்பதாவது நிமிடத்தில் ஒரே ஒரு பிழை, அப்போது ஸ்டிக்கின் வெப்பம் 61 டிகிரி என்று கொள்வோம். இங்கே அவசரப்பட்டு எதையும் மாற்றாமல் ஒரே ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: காரணம் சூடா, கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து இழுக்கும்போது வரும் பாரமா? பெட்டியின் கதவைத் திறந்து ஒரு விசிறியை ஸ்டிக்குகள் மீது வீசவைத்து அதே இரட்டைச் சோதனையைத் திரும்ப ஓட்ட வேண்டும். வெப்பம் 48-ல் நின்று, முன்பைவிட நீண்ட நேரம் ஓடியும் பிழை வராவிட்டால் சூடுதான் காரணம் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம்.

அப்படியானால் வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை. பெட்டியின் காற்றோட்டத்தைத் திருத்தலாம். பயாஸில் ரேமின் காத்திருப்பு நேரங்களைப் புரொஃபைலுக்கும் மேலே இறுக்கும் கூடுதல் வசதி ஏதேனும் இயங்குகிறதா என்று பார்த்து அணைக்கலாம். அத்தகைய வசதிகள் tREFI என்ற மதிப்பை உயர்த்தியிருந்தால் செல்களை நிரப்பும் இடைவெளி நீண்டிருக்கும். சூட்டில் முதலில் தோற்பது அதுதான். ஜெடெக் விதிப்படி அந்த இடைவெளி 3.9 மைக்ரோ வினாடி. 6000 வேகத்தில் பயாஸ் திரையில் அது ஏறக்குறைய 11,700 என்று தெரியும். அங்கே 50,000, 65,535 போன்ற எண் இருந்தால் குறைத்துவிட வேண்டும்.

விசிறி வைத்தும் பிழை தொடர்ந்தால் சிக்கல் சமிக்ஞையில் இருக்கிறது. அப்போது மிக எளிய, மிக நம்பகமான வழி வேகத்தைக் குறைப்பது. மற்ற எண்களைத் தொடாமல் 6000-ஐ 5600 ஆக்கித் திரும்பச் சோதிக்கலாம். கேமில் இதனால் குறையும் வேகம் சில சதவீதத்துக்குள் அடங்கிவிடும். ஆடும்போது அதைக் கண்டுபிடிப்பதே கடினம். வோல்டேஜை ஏற்றிச் சரிசெய்யும் வழியும் உண்டு. ஆனால் அதில் எல்லை தெரிந்து நடக்க வேண்டும். 2023 ஏப்ரலில் ரைசன் 7000 வரிசையின் சில புராசசர்கள், குறிப்பாக எக்ஸ்3டி வகை, எரிந்துபோன செய்திகள் வந்தன. EXPO இயக்கும்போது சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை அளவுக்கு மீறி உயர்த்தியது கவனத்துக்கு வந்து, ஏஎம்டி அதற்கு 1.3 வோல்ட் உச்சவரம்பு விதித்துப் புதிய பயாஸ் பதிப்புகளை வெளியிடச் செய்தது. பழைய பயாஸோடு EXPO போடக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

டிடிஆர்5 சில்லுகளுக்குள்ளேயே பிழை திருத்தும் வசதி இருக்கிறதே, பிறகு ஏன் இவ்வளவு சோதனை என்று சிலர் கேட்பதுண்டு. அந்த வசதி சில்லின் செல்களுக்குள் ஏற்படும் ஒற்றைப் பிட் பிழையைச் சத்தமில்லாமல் திருத்தும். சில்லிலிருந்து புராசசர் வரை செல்லும் தடங்களில் கெடும் பிட்டை அதனால் பார்க்கவே முடியாது. வேகத்தைக் கூட்டும்போது அதிகம் நெருக்கடிக்கு ஆளாவது அந்தத் தடங்களே.

எல்லாச் சோதனையும் தேறிய பிறகும் கேம் விழுந்தால் ரேமைத் திரும்பச் சந்தேகிக்கும் முன் விழும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஒரே கேம் ஒரே இடத்தில் விழுந்தால் அந்தக் கேமிலேயே குறை இருக்கலாம். வெவ்வேறு கேம்கள் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு செய்தியோடு விழுந்தால், பெரிய கோப்புகளைப் பிரிக்கும்போது கோப்பு கெட்டிருக்கிறது என்று வந்தால், அது ரேமின் சாயல். ஆனால் புராசசரும் இதே சாயலில் தோற்கும். இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைப் புராசசர்கள் சிலவற்றில் வோல்டேஜ் கோளாறால் இதே அறிகுறிகள் வந்து, 2024-ல் நிறுவனம் பயாஸ் வழியே திருத்தம் வெளியிட்டது. புரொஃபைலை அணைத்துச் சில நாள் ஆடிப் பார்ப்பது இரண்டையும் பிரிக்கும் நேரடி வழி: அணைத்ததும் நின்றால் ரேம் அமைப்பு, நிற்காவிட்டால் வேறிடத்தில் தேட வேண்டும்.

ஒருமுறை தேறிய அமைப்பு என்றென்றைக்கும் தேறியதாகாது. கண்ட்ரோலர் தடங்களை அளக்கும் முடிவு ஒவ்வொரு முறையும் சற்று மாறலாம் என்பதால், மின்சாரத்தை முழுதாக நிறுத்திச் சில மணி நேரம் ஆறவிட்டுக் கிளப்பிய பிறகும் TM5-ஐ ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். பயாஸைப் புதுப்பித்தால், ஸ்டிக்கைக் கூட்டினால் அல்லது இடம் மாற்றினால், புதிய கிராபிக்ஸ் கார்டு போட்டால், கோடை தொடங்கினால் சூட்டோடு செய்யும் சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். இரண்டு ஸ்டிக் இருந்த இடத்தில் நான்காக்கினால் பழைய முடிவு எதற்கும் பயன்படாது. இயல்பு வேகச் சோதனையிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டும்.